நிரல் சொல்வது மடங்கை அல்ல, மீதியை

நூறு கட்டத் தாளில் இரண்டிரண்டாக எண்ணி நிறந்தீட்டினால் ஐந்து நிரல்கள் மேலிருந்து கீழாக நிறைந்துவிடும். ஐந்தைந்தாக எண்ணினால் இரண்டு நிரல்கள், பத்துப் பத்தாக எண்ணினால் கடைசி நிரல் மட்டும். இதைப் பார்த்துத்தான், ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் சொந்த நிரல் உண்டு, அதைத் தீட்டிவிட்ட பிள்ளைக்கு மடங்குகள் விளங்கிவிட்டன என்ற எண்ணம் வந்திருக்கிறது. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோரும் ரியூசன் ஆசிரியர்மாரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் மூன்று வாதங்கள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: நிரல் அந்த எண்ணின் குணம்.

நிரல் உண்டாவது தாள் பத்துக் கட்டம் அகலமாக இருப்பதால். ஒரு கட்டம் கீழே இறங்கினால் எண் பத்தால் கூடுகிறது. பத்தை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 5, 10 மட்டுமே. அதனால் அவற்றின் மடங்குகள் மட்டுமே நிரலை இடைவெளியின்றி நிரப்புகின்றன. சதுரக் கொப்பியில் ஆறு கட்டம் அகலமாக எண்களை எழுதிப் பாருங்கள். மூன்றின் மடங்குகள் மூன்றாம், ஆறாம் நிரல்களில் நேராக நிற்கும். ஐந்தின் மடங்குகள் சாய்ந்துவிடும். எண் மாறவில்லை, தாளின் அகலம் மட்டுமே மாறியது.

ஏழு கட்டம் அகலமான தாள் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தோறும் போகிறவர்கள் 2025 ஒக்ரோபர் நாட்காட்டியைப் பார்த்தால் 7, 14, 21, 28 என்று ஏழின் மடங்குகளே செவ்வாய் வரிசையில் இருக்கும். அதே ஆண்டு ஜூலையில் செவ்வாய்கள் 1, 8, 15, 22, 29. இவையும் ஒரே வரிசைதான், ஆனால் ஒன்றுகூட ஏழின் மடங்கல்ல. எல்லாவற்றையும் ஏழால் வகுத்தால் மீதி 1. ஆக, ஒரு நிரலில் சேர்ந்து நிற்பவை ஒரே மீதி தரும் எண்கள். அந்த மீதி பூச்சியமாக இருக்கும்போதுதான் அவை அகலத்தின் மடங்குகள். நூறு கட்டத்தில் 3, 13, 23 ஒரே நிரலில் நிற்பதும் இப்படித்தான்: பத்தால் வகுத்தால் மீதி 3.

இரண்டாம் வாதம்: நிரல் வராத எண்ணுக்கு ஒழுங்கு இல்லை.

மூன்றைத் தீட்டினால் 3, 12, 21 என்று சாய்கோடு ஒன்று இடப்பக்கமாக இறங்குகிறது. அடுத்தது 6, 15, 24, 33, 42, 51. ஒரு நிரை இறங்கும்போது பத்தினிடத்து இலக்கம் ஒன்றால் கூடுகிறது. ஒரு கட்டம் இடப்பக்கம் போகும்போது ஒன்றினிடத்து இலக்கம் ஒன்றால் குறைகிறது. ஆகவே இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை: முதற் கோட்டில் 3, அடுத்ததில் 6. இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுமா என்று பார்க்கும் விதி இந்தச் சாய்கோட்டிலேயே தெரிகிறது. ஐந்தின் நிரல் கடைசி இலக்கம் 5 அல்லது 0 என்பதை மட்டுமே காட்டுகிறது. நிரல் வராத மூன்றுதான் அதைவிட அதிகம் சொல்கிறது.

மூன்றாம் வாதம்: சரியாகத் தீட்டினால் விளங்கிவிட்டது.

நான்கில் இது பிடிபட்டுவிடும். முதல் நிரையில் 4, 8. இரண்டாவதில் 12, 16, 20. மூன்றாவதில் மறுபடி 24, 28. இரண்டு நிரைக்கு ஒருமுறை ஒழுங்கு திரும்புகிறது, ஏனெனில் 20 நான்கால் வகுபடும், 10 வகுபடாது. ஆனால் இரண்டையும் ஐந்தையும் தீட்டிப் பழகிய பிள்ளை எண்ணுவதை விட்டுவிட்டு 4-இலிருந்து நேரே கோடு இழுக்கும். 14-உம் 34-உம் நிறம் பெற்றுவிடும். இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றில் இப்படி இழுத்தாலும் விடை சரியாகவே வரும். அதனால் பிள்ளை எண்ணியதா, கோடு இழுத்ததா என்பதை அந்த மூன்று தாள்களும் காட்டித் தரா.

காட்டித் தருவது அடுத்த தாள். 101 முதல் 200 வரை எழுதிய கட்டத்தில், தீட்டும் முன்னரே நிறம் எங்கே விழும் என்று கேளுங்கள். நான்குக்கு அதே படம் அப்படியே வரும், ஏனெனில் 100 நான்கால் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே போதும் என்ற விதிக்கும் அதுவே காரணம். மூன்றுக்குப் படம் ஒரு கட்டம் விலகும்: முதல் நிரையில் 102, 105, 108. காரணம், 100-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. இந்த விலகலை முன்கூட்டிச் சொல்லி ஏன் என்றும் விளக்கும் பிள்ளைக்கு மடங்கு விளங்கியிருக்கிறது. முதல் தாளின் நிறைந்த நிரல்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.