எல்லா ஜிமிக்கியும் ஒரே சைஸில் தெரிந்தால் அது பொய்

இந்த வார எபிசோடில் சின்ன பிசினஸுக்கு வெப்சைட் செய்வதைப் பற்றிப் பேசினோம். அதில் படம் எடுக்கிற பகுதியை இரண்டு நிமிஷத்தில் ஓட்டிவிட்டோம். எனக்கு அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கு, கொஞ்சம் கோபமும் இருக்கு. அதனால் இங்கே விரிவா எழுதுறன்.

என் சித்தி ஸ்கார்பரோவில் வீட்டிலிருந்தே கவரிங் நகை விற்கிறா. ஜிமிக்கி, அட்டிகை, நெற்றிச்சுட்டி, டான்ஸ் செட். வெப்சைட் செய்து கொடுத்தது நான். படங்களையும் நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு ஜிமிக்கியையும் போனில் கிட்டப் பிடித்து, ஃபிரேம் நிறைய எடுத்து, பின்னணியை வெள்ளையாக்கிப் போட்டேன். பார்க்க நல்லாத்தான் இருந்தது.

பிறகு ஒரு அம்மா மகளின் அரங்கேற்றத்துக்கு ஜிமிக்கி ஓர்டர் பண்ணினார். பார்சல் போனது அரங்கேற்றத்துக்கு நாலு நாள் முன்னம். பெட்டியைத் திறந்தால் உள்ளே 2.2 செண்டிமீட்டர் ஜிமிக்கி. மேடையில் பின் வரிசைக்குத் தெரியவேண்டியது, குழந்தைப் பிள்ளை போடுகிற அளவில் வந்திருக்கு. போனில் அவர் அழாக்குறையாச் சொன்னது ஒன்றுதான்: "தங்கச்சி, படத்தில ரெண்டும் ஒரே அளவாத்தானே இருந்தது?"

அவர் சொன்னது சரி. 2.2 செ.மீ. ஜிமிக்கியும் 5.5 செ.மீ. ஜிமிக்கியும் எங்கள் பக்கத்தில் அக்கம்பக்கமா, அச்சாக ஒரே அளவில் இருந்தன. கீழே சின்ன எழுத்தில் அளவு போட்டிருந்தோம். போனில் பார்க்கிற ஆர் அதை வாசிக்கினம்? பிழை என்னுடையது, சித்தி என் சார்பில் மன்னிப்புக் கேட்டா.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால், பெரிய சந்தைத் தளங்களிலிருந்துதான். உதாரணமா, அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையா, அதாவது மூன்று நிறமும் 255 ஆக இருக்கவேணும். பொருள் ஃபிரேமில் குறைந்தது 85 வீதத்தை நிரப்பவேணும். ஆயிரம் கடைக்காரர் விதம்விதமான பொருள் போடுகிற இடத்தில் அந்த விதி நியாயம். அங்கே ஒரு தேடலில் இருபது படங்கள் வந்தால் எல்லாம் தெளிவாத் தெரியவேணும். ஆனால் ஒரே ஆள் நாற்பது ஜிமிக்கி விற்கிற சொந்தப் பக்கத்தில் அதே விதியைப் போட்டால், வாங்குகிறவருக்கு மிகத் தேவையான தகவலை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். எது பெரிசு, எது சின்னன் என்பதுதான் அந்தத் தகவல்.

என் கருத்து இதுதான்: சொந்தப் பக்கத்தில் முதல் படம் ஃபிரேமை நிரப்பவேண்டாம். ஒரு வகைப் பொருள் எல்லாவற்றையும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே ஜூமில் எடுத்து, ஒரே சதுரத்தில் வெட்டுங்கள். அழகு இரண்டாவது படத்தின் வேலை.

அரங்கேற்றக் கதைக்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். எப்படி என்று சொல்றன்.

மேசையில் இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினோம். ஒன்றில் டிரைபொட்டின் கால், மற்றதில் நகை நிற்கும் கோடு. இடைவெளி 40 செ.மீ. தடித்த வெள்ளை மட்டையைக் கூடாரம் மாதிரி மடித்து, இரண்டு சின்ன ஓட்டை போட்டு, ஜிமிக்கியை அதில் குத்தித் தொங்கவிட்டோம். கீழே கிடத்தி எடுத்தால் குடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும், மணிகளும் சிதறும். தொங்கினால்தான் காதில் இருக்கிற மாதிரி இருக்கும். எல்லா ஜிமிக்கியும் அதே ஓட்டையில் தொங்குவதால் போனிலிருந்து உள்ள தூரமும் மாறாது.

பிறகு ஜூம். 1x-இல் கிட்டப் போய் எடுத்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி வீங்கித் தெரியும், குடை உருண்டையாகி மேல் தோடு சுருங்கிவிடும். அதனால் 2x வைத்துத் தள்ளி நின்று எடுக்கவேணும். ஒரு எச்சரிக்கை: சில போன்கள் பொருள் கிட்ட வந்தால் கேட்காமலே மேக்ரோவுக்கு, அதாவது அகன்ற லென்ஸுக்கு மாறிவிடும். படம் திடீரென்று குதிக்கிற மாதிரி இருந்தால் அதுதான் நடந்திருக்கு. மேக்ரோவை நிறுத்திவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் படங்களின் அளவு மாறிப்போகும்.

முதல் நகைக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து ஒரு படம் எடுத்தோம். என் போனில் 1 செ.மீ. என்பது 140 பிக்சல் என்று வந்தது. உங்கள் போனில் வேறு எண் வரும், பரவாயில்லை. சித்தியிடம் இருந்த ஆகப் பெரிய ஜிமிக்கி 6.5 செ.மீ. அது வசதியாக உள்ளே நிற்க 8 செ.மீ. சதுரம் போதும். 8 பெருக்கல் 140, ஆக 1120 பிக்சல். ஒவ்வொரு படத்தையும் 1120 × 1120 என்று வெட்டினோம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போ பாருங்கோ. 6.5 செ.மீ. ஜிமிக்கி சதுரத்தின் உயரத்தில் 81 வீதம் வரும். 5.5 செ.மீ. வந்தால் 69 வீதம். அந்தக் குட்டி 2.2 செ.மீ. வெறும் 28 வீதம். பக்கத்தைத் திறந்த உடனேயே, ஒரு எழுத்தும் வாசிக்காமல், எது மேடைக்கு, எது ஒஃபிசுக்கு என்று தெரியும்.

சித்திக்கு இது பிடிக்கவில்லை. "என்ன மோனை, சின்னது இப்பிடித் தனியா நடுவில நிண்டா ஆர் வாங்குவினம்?" என்று கேட்டா. கேள்வி நியாயமானது. அதற்குத்தான் இரண்டாவது படம்: கிட்டப் போய், கெம்புக் கல்லும் மணியும் தெரிய, ஃபிரேம் நிறைய. மூன்றாவது, காதில் போட்ட படம். ஆனால் பட்டியலில் தெரிவது முதல் படம் மட்டும்தான், அது உண்மை பேசவேணும். சின்னது தேடுகிற ஆளும் இருக்கிறார். அவர் பெரியதை வாங்கித் திருப்பி அனுப்பினாலும் தபால் செலவு சித்திக்குத்தான்.

ஒரு எல்லையும் இருக்கு. அட்டிகை 25 செ.மீ. வரும், 8 செ.மீ. சதுரத்துக்குள் அடங்காது. எல்லாவற்றுக்கும் 30 செ.மீ. சதுரம் வைத்தால் ஜிமிக்கி புள்ளியாகிவிடும். ஆகவே வகைக்கு ஒரு அளவு: காது நகை 8, கழுத்து நகை 30. இரண்டையும் ஒரே வரிசையில் கலக்காமல் தனித்தனிப் பக்கத்தில் வைத்தோம்.

அளவு சரியானாலும் நிறம் பிழைத்தால் பார்சல் திரும்பி வரும். நாங்கள் முதலில் எடுத்த படங்கள் வேலை முடிந்து வந்து, பொழுது படுகிற நேரத்தில், குசினி லைட்டின் கீழே எடுத்தவை. டொரொன்டோவில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும், வேறு வழி தெரியவில்லை. யன்னல் பக்கம் கொஞ்சம் நீலம், பல்ப் பக்கம் கொஞ்சம் மஞ்சள். போன் இரண்டுக்கும் நடுவில் எதையோ பிடித்துக்கொண்டது. இதை எடிட்டிங்கில் திருத்த முடியாது, ஏனென்றால் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். கண்டுபிடிப்பது சுகம்: வெள்ளை மட்டையில் விழும் நிழல்களைப் பாருங்கள். ஒரு நிழல் நீலமாவும் மற்றது மஞ்சளாவும் இருந்தால் உங்களிடம் இரண்டு வெளிச்சம் இருக்கு.

விதி ஒன்றே ஒன்று: ஒரு வெளிச்சம் மட்டும். நாங்கள் சனிக்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை, நேரடி வெயில் விழாத வடக்கு யன்னல் பக்கத்தில் எடுத்தோம், வீட்டு லைட் எல்லாம் ஓஃப். யன்னல் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் இருண்டுபோகும், அங்கே ஒரு வெள்ளை ஃபோம் போர்ட் நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி வரும். டொலர் ஸ்டோரில் கிடைக்கும். லைட் பொக்ஸ் வாங்கத் தேவையில்லை.

கவரிங் நகைக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு. மினுக்கிய உலோகத்துக்குச் சொந்த முகம் இல்லை, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எங்கள் முதல் படங்களில் ஜிமிக்கிக் குடையில் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது நான், என் கறுப்பு ஹூடியோடு. நகை கறுத்துப்போச்சு என்று வாங்குகிறவர் நினைப்பார். வெள்ளை மட்டையில் ஒரு ஓட்டை வெட்டி, அதன் வழியே போன் லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்கும்படி வைத்தோம். பட்டை போய், குடை முழுக்கத் தங்க நிறமாச்சு.

வெள்ளைப் பின்னணி வைத்தால் போன் ஏமாறும் என்பதையும் தெரிந்துவையுங்கள். இவ்வளவு வெளிச்சமா என்று நினைத்து அது படத்தை இருட்டாக்கும், வெள்ளை மட்டை சாம்பலாகிவிடும். ஐஃபோனில் நகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். பிறகு விரலை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம். மட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மணிகளின் ஓரம் பின்னணியில் கரைந்துவிடும். முகில் வந்து போனால் வெளிச்சம் மாறும், அப்போது மறுபடி பூட்டவேணும். எடுத்து முடிந்ததும் ஒரு படத்தை மட்டும் திருத்தி, `Copy Edits`, `Paste Edits` மூலம் அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் போட்டோம். ஒவ்வொன்றாத் திருத்தினால் கண் களைத்து, கடைசிப் படம் முதல் படத்தைவிட மஞ்சளாகிவிடும்.

கடைசியா, நகையைக் கையில் வைத்து, போன் திரையில் படத்தைப் பக்கத்தில் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் சித்தியைப் பார்க்கச் சொன்னேன். கல்லின் சிவப்பில் அவ பொய் சொல்லமாட்டா. மூன்று படத்தை நிராகரித்தா, திரும்ப எடுத்தோம்.

நாற்பது ஜிமிக்கிக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. டேப்பை மேசையிலிருந்து இன்னும் கழற்றவில்லை. புதுச் சரக்கு வந்தால் சித்தி இப்போ தானே எடுக்கிறா. அந்த அரங்கேற்ற அம்மாவுக்கு 5.5 செ.மீ. ஜிமிக்கியை நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை அதைப் போட்டுத்தான் ஆடினது.

உங்கள் வீட்டிலும் யாராவது எதையாவது ஒன்லைனில் விற்கிறார்கள் என்றால், இந்த வாரம் அவர்களின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆகச் சின்னதும் ஆகப் பெரியதும் ஒரே அளவில் தெரிகிறதா? அப்படியென்றால் சனிக்கிழமை டேப்போடு போங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.