கணவர் காணாமல் போனால் மனைவி எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? ‘இஜ்திஹாத்’ விவாதத்தைப் புரியவைக்கும் 1939 சட்டம்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் பெண் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவர் வளைகுடா நாட்டுக்குப் போனார். 2020 மார்ச்சுக்குப் பிறகு போன் இல்லை, பணம் இல்லை, ஆள் இருக்கிறாரா என்ற தகவலும் இல்லை. இந்தப் பெண் மறுமணம் செய்ய முடியுமா?

தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப். மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டத்தைப் புரிந்துகொள்வதில் ஒரு இமாமின் வழிவந்த சிந்தனைப் பள்ளி. சன்னி முஸ்லிம்களிடம் இப்படி நான்கு பள்ளிகள் நிலைத்தன.

பழைய ஹனஃபி சட்டப்படி விருத்தாசலம் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் கடுமையானது. கணவரின் வயதையொத்தவர்கள் எல்லாம் இறந்திருப்பார்கள் என்று சொல்லக்கூடிய காலம் வரை காத்திருக்க வேண்டும். கணவருக்கு 90 வயது ஆகியிருக்கும் வரை என்றுகூட சில நூல்கள் கணக்குச் சொல்கின்றன. சுருக்கமாக, வாழ்நாள் முழுக்க.

ஆனால் இன்று இந்திய நீதிமன்றம் அவருக்குச் சொல்லும் கணக்கு 4 ஆண்டுகள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் ‘இஜ்திஹாத் வாசல் மூடப்பட்டதா’ என்ற பழைய வாதத்தின் விடை ஒளிந்திருக்கிறது.

இஜ்திஹாத், தக்லீத்: என்ன வித்தியாசம்?

குர்ஆன், நபிமொழி ஆகிய மூலங்களிலிருந்து ஒரு அறிஞர் தாமே ஆராய்ந்து சட்ட முடிவுக்கு வருவது இஜ்திஹாத். ஏற்கெனவே ஒரு பள்ளி எடுத்த முடிவை அதன் ஆதாரத்தைத் தாமாகச் சோதிக்காமல் ஏற்றுப் பின்பற்றுவது தக்லீத்.

மத்ஹபுகள் உறுதிப்பட்ட பிறகு, ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டில், இஜ்திஹாதின் வாசல் மூடப்பட்டுவிட்டது என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்ட கதை. ஐரோப்பிய ஆய்வாளர் ஜோசப் ஷாக்ட் 1964-இல் எழுதிய அறிமுக நூல் இதைப் பாடப்புத்தகக் கருத்தாகவே ஆக்கியது. 1984-இல் வாயில் ஹல்லாக் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். வாசல் மூடப்பட்டதாக அந்தக் கால அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு எதுவும் இருந்ததில்லை, கோட்பாட்டிலும் நடைமுறையிலும் இஜ்திஹாத் தொடர்ந்தது என்பது அவர் வாதம். 1505-இல் மறைந்த எகிப்திய அறிஞர் சுயூத்தி, தாமே இஜ்திஹாத் செய்யும் தகுதி உள்ளவர் என்று வெளிப்படையாக உரிமை கோரியவர்.

வாசல் மூடியிருந்ததா என்று தத்துவமாகக் கேட்பதைவிட, ஒரு சட்டம் நெருக்கடியில் சிக்கியபோது அறிஞர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது தெளிவு தரும்.

நெருக்கடி என்ன?

பிரிட்டிஷ் இந்தியாவில் ஹனஃபி பெண்களுக்கு நீதிமன்றம் மூலம் திருமணத்தை முறிக்க ஏறக்குறைய வழியே இல்லை. கணவர் கைவிட்டாலும், சோறு போடாவிட்டாலும், காணாமல் போனாலும் இதே நிலைதான். இருந்தது ஒரே ஓட்டை: மனைவி மதம் மாறினால் திருமணம் உடனே முறியும் என்பது பரவலான ஹனஃபி கருத்து. பஞ்சாபில் சில பெண்கள் கணவரிடமிருந்து விடுபடவே மதம் மாறினார்கள். கவிஞர் இக்பால் இஜ்திஹாத் பற்றிய தமது சொற்பொழிவில் இதைச் சுட்டிக்காட்டினார்.

தானவி செய்தது என்ன?

தேவ்பந்த் மரபின் பெரிய அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி தக்லீதில் உறுதியானவர். புதிதாக இஜ்திஹாத் செய்ய அவர் முன்வரவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ‘அல்-ஹீலா அல்-நாஜிஸா’ என்ற நூலை எழுதி, மாலிகி மத்ஹபின் விதியை ஹனஃபிகள் இந்த விஷயத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடும் தேவை வந்தால் வேறு பள்ளியின் கருத்தை ஏற்கலாம் என்று ஹனஃபி அறிஞர்களே முன்பே சொல்லியிருந்தார்கள். அதுதான் அவர் ஆதாரம். மாலிகி முஃப்திகளிடமே கேட்டு அவர்களின் ஃபத்வாக்களையும் நூலில் சேர்த்தார்.

ஒரு கட்டுப்பாடும் விதித்தார். விதியை எடுத்தால் அதன் நிபந்தனைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், வசதியானதை மட்டும் பொறுக்கக் கூடாது. மாலிகி முறைப்படி பெண் காஜியிடம் போக வேண்டும், திருமணத்தை நிரூபிக்க வேண்டும், கணவரைத் தேட வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் காஜி 4 ஆண்டு அவகாசம் கொடுப்பார். அதாவது 4 ஆண்டுகள் காஜியின் உத்தரவிலிருந்து தொடங்கும். அதற்குப் பிறகு இத்தா, 4 மாதம் 10 நாள்.

மதமாற்ற ஓட்டையையும் அவர் அடைத்தார். மதம் மாறினாலும் திருமணம் முறியாது என்ற, ஹனஃபி பள்ளிக்குள்ளேயே இருந்த சிறுபான்மைக் கருத்தை முன்னால் கொண்டுவந்தார்.

சட்டமான பிறகு என்ன மாறியது?

இந்தப் பின்னணியில் முஹம்மது அஹ்மத் காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமானது. கணவர் இருக்குமிடம் 4 ஆண்டுகள் தெரியாவிட்டாலோ, 2 ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டாலோ மனைவி வழக்குப் போடலாம். மதம் மாறுவது மட்டுமே திருமணத்தை முறிக்காது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது.

விருத்தாசலம் பெண்ணின் கணக்குக்கு வருவோம். காணாமல் போனது 2020 மார்ச். எனவே 2024 மார்ச்சிலிருந்து அவர் வழக்குப் போடலாம். மனுவில் கணவரின் வாரிசுகளாகக்கூடியவர்களின் பெயர், முகவரி இருக்க வேண்டும். அவர்களுக்கு நோட்டீஸ் போகும். கணவரின் சகோதரரும் பெரியப்பா, சித்தப்பாவும் இருந்தால் அவர்களையும் தரப்பாகச் சேர்க்க வேண்டும். 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தால் அது 6 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதற்குள் கணவர் திரும்பி வந்து குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்து. ஜீவனாம்சம் வராததைக் காரணமாகக் காட்டினால் 2022 மார்ச்சிலேயே வழக்குப் போட்டிருக்கலாம். அந்தத் தீர்ப்புக்கு இந்த 6 மாதக் காத்திருப்பும் இல்லை.

தானவியின் முறையில் 4 ஆண்டுகள் காஜியின் உத்தரவுக்குப் பிறகு ஓடும். சட்டத்தில் அவை வழக்குக்கு முன்பே ஓடி முடிந்துவிடுகின்றன. சட்டம் மாலிகி எண்ணை எடுத்தது, நடைமுறையை அப்படியே எடுக்கவில்லை. தீர்ப்பு சொல்பவர் முஸ்லிம் நீதிபதியாக இருக்க வேண்டும் என்று உலமாக்கள் கேட்டதும் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்களில் பலர் அதிருப்தி அடைந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

அப்படியானால் வாசல் திறந்ததா?

தானவியைக் கேட்டிருந்தால் ‘நான் இஜ்திஹாத் செய்யவில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் எது ‘கடும் தேவை’, எந்தப் பள்ளியின் விதி பொருந்தும், எந்தச் சிறுபான்மைக் கருத்தை எடுப்பது என்று முடிவு செய்வதே ஆராய்ச்சிதான். பின்பற்றுதல் என்ற பெயருக்குள்ளேயே அந்த வேலை நடந்தது. ஆகவே தக்லீத் என்றால் தேக்கம் என்று முடிவு கட்டுவது இந்தச் சான்றோடு பொருந்தவில்லை. மத்ஹபைப் பின்பற்றத் தேவையில்லை, நேரே மூலங்களுக்குப் போகலாம் என்று தமிழ்நாட்டில் தவ்ஹீத் அமைப்புகள் சொல்வது இதிலிருந்து வேறுபட்ட பாதை. அதன் சிக்கல், நேரே படித்து முடிவெடுக்கும் தகுதி யாருக்கு என்பது.

அந்தக் கேள்வி நீதிமன்றத்தையும் விடவில்லை. மனைவி தன் தவறால் பிரிந்திருந்தாலும் 2 ஆண்டு ஜீவனாம்சம் வராதது முறிவுக்குப் போதுமா என்பதில் நீதிபதிகளிடையே மாறுபட்ட தீர்ப்புகள் வந்தன. 1970-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், போதும் என்றார். அவர் முஸ்லிம் அல்ல, ஆனாலும் மார்க்கச் சட்ட மரபை ஆராய்ந்தே அந்த முடிவுக்கு வந்தார். உலமாக்கள் 1939-இல் கேட்டு நிறைவேறாத நிபந்தனை, எந்த நீதிபதி படிப்பது என்பதுதான். இன்றும் தனிச் சட்ட வழக்குகளில் சூடான வாதம் அங்கேதான் நடக்கிறது.