ஒரு 16 வேண்டாம், இரண்டு 8 கேளுங்கள்

வஹகோட்டையில் எங்கட கூட்டாளி ஒருத்தனுக்கு கொம்பியூட்டர் பூட்டினோம். ரைசன் 5 5600ஜி. தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் காசில்லை. கடையில் 16 ஜிபி ரேமை ஒரே துண்டாகக் கொடுத்து, "பிறகு இன்னொன்று போடலாம்" என்றார்கள். கேம் திக்கித் திக்கி ஓடியது.

உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ப்ராசசரோடு ஒரே ரேமைப் பங்கு போடுகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். இரண்டு சேனலில் 51.2.

மாற்றி, இரண்டு 8 வாங்கினோம். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியதால் இரண்டும் ஒரே சேனலில் மாட்டிக்கொண்டன. போர்ட் கையேட்டைப் பார்த்து 2ஆம், 4ஆம் ஸ்லாட்டுக்கு மாற்றிய பிறகுதான் கேம் சீரானது. பயோஸில் XMP போடாவிட்டால் பல 3200 ரேம்கள் மெதுவாகவே ஓடும். CPU-Z-இல் DRAM Frequency 1600 அளவில் இருந்தால் சரி.

தனி கார்ட் உள்ளவர்கள் இவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ரெசலூஷனைக் குறைத்தும் பிரேம் ஏறவில்லையா? தடை பெரும்பாலும் ப்ராசசரில்தான். அங்கே வேகமான ரேம் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

கார்ட் இல்லாதவர்களுக்கு "பிறகு" என்பது சரிவராது. முதல் நாளே இரண்டு துண்டு கேளுங்கள்.