அறையில் நிற்கும் அந்த உருவம் கனவா? ஸ்லீப் பராலிசிஸில் என்ன நடக்கிறது?

"நேத்து ராத்திரி முழிச்சுப் பார்த்தா கதவுகிட்ட யாரோ நின்னாங்க. அசையவே முடியல. நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு."

ரூம்மேட் இப்படிச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஊரில் இருப்பவர்கள் 'அமுக்குவான் பேய்' என்பார்கள். ஆபீஸ் நண்பர்கள், "உள்மனசுல ஏதோ அழுத்தம், அதான் அப்படி வருது" என்பார்கள். இரண்டாவது பதில் அறிவியல் மாதிரி தெரிகிறது, இல்லையா? ஆனால் அதுவும் ஒரு குழப்பத்தில்தான் நிற்கிறது: இதைக் கனவைப் போல வாசிக்கிறது.

எத்தனை பேருக்கு வருகிறது?

35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஓர் அலசல், மொத்தம் 36,000-க்கும் அதிகமானவர்களின் தரவைப் பார்த்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் சுமார் 7.6%, மாணவர்களில் சுமார் 28%. மாணவர்களிடம் ஏன் இவ்வளவு அதிகம்? தூக்க நேரம் தாறுமாறாக இருப்பது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

உடலில் நடப்பது என்ன?

தெளிவான கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில் வருகின்றன. அப்போது கனவில் ஓடினால் கால்களும் ஓடிவிடக் கூடாதே! அதனால் மூளைத்தண்டு தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தடுத்து வைக்கிறது. கண்களை அசைக்கும் தசைகளும் உதரவிதானமும் மட்டும் இயங்கும். வழக்கமாக நீங்கள் விழிக்கும்போதே இந்தத் தடையும் விலகிவிடும். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தடை சில நொடிகளோ சில நிமிடங்களோ தங்கிவிடுகிறது. அதுதான் ஸ்லீப் பராலிசிஸ்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் இதை ஆய்வகத்திலேயே வரவழைத்தார்கள். தூங்குபவர்களை நடுவில் எழுப்பி, கொஞ்ச நேரம் விழித்திருக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். 64 முறை இப்படிக் கலைத்ததில் 6 முறை ஸ்லீப் பராலிசிஸ் வந்தது. அப்போது மூளை அலைகள் விழிப்பைக் காட்டின, தசைகள் ரெம் நிலையிலேயே தளர்ந்து கிடந்தன.

உருவம் எங்கிருந்து வருகிறது?

நெஞ்சில் ஏறும் 'பாரத்தை' முதலில் பார்ப்போம். ரெம் நிலையில் விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகள் தளர்ந்திருக்கும். நீங்கள் பயந்துபோய் ஆழமாக மூச்சிழுக்க முயல்வீர்கள், நெஞ்சு விரியாது. அதை மூளை, மேலே ஏதோ அழுத்துவதாக எடுத்துக்கொள்கிறது.

கதவோர ஆளைப் பற்றி ஒரு துப்பு 2006-இல் கிடைத்தது. வலிப்பு நோய்க்கான பரிசோதனையில் இருந்த ஒரு பெண்ணின் மூளையில், இடது பக்கம் பொட்டெலும்பு மடலும் சுவர் மடலும் சேரும் இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். தன் பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாக அவர் உணர்ந்தார். 'என் உடல் இங்கே இருக்கிறது' என்ற கணக்கைப் போடும் பகுதி அது. கணக்கு பிசகினால் நம் உடலின் பிம்பமே இன்னொரு ஆளாகத் தோன்றலாம். ஸ்லீப் பராலிசிஸிலும் இதுவே நடக்கிறது என்பது இன்னும் ஒரு கருதுகோள்தான்.

கனவிலிருந்து எங்கே மாறுபடுகிறது?

கனவில் நீங்கள் வேறெங்கோ இருப்பீர்கள். பள்ளிப் பரீட்சையில் பழைய மேனேஜர் பேப்பர் கொடுப்பார், அது விசித்திரமாகவே தோன்றாது. அதில் உங்கள் வாழ்க்கையின் துணுக்குகள் இருப்பதால், 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு.

இதிலோ நீங்கள் இருப்பது உங்கள் அறையில்தான். ஃபேனும் ஜன்னலும் அதே இடத்தில் இருக்கின்றன. அசைய முடியவில்லை என்பதும் புரிகிறது. கதை என்று எதுவும் இல்லை, ஒரு ஆள் மட்டும் கூடுதலாக இருக்கிறார். அந்த ஆளும் உங்களுக்கென்று தனியாக வருபவர் அல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவர் 'ஓல்ட் ஹேக்' என்ற கிழவி, நம்மூரில் அமுக்குவான். பெயரையும் முகத்தையும் ஊர் கொடுக்கிறது. யாரோ இருப்பதும் நெஞ்சில் அழுத்துவதும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரே காட்சி இத்தனை விதமான வாழ்க்கை வாழ்பவர்களுக்கு வருகிறது என்றால், அதை உங்கள் ஒருவரின் மனக்குறையாக வாசிக்க முடியாது. மன அழுத்தம் தூக்கத்தைக் கலைத்து இதற்கு வழிவிடலாம். அதற்காக அந்த உருவம் அழுத்தத்தின் குறியீடு ஆகிவிடாது.

அப்போ என்ன செய்வது?

அர்த்தம் தேடுவதை விட்டு, தூக்க நேரத்தைப் பாருங்கள். மல்லாந்து படுக்கும்போது இது அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுக்கலாம். வந்துவிட்டால் திமிற வேண்டாம். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தடை தானாக விலகும்.

பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து போகிறதா? அவை நார்கோலெப்சியின் அறிகுறிகளாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி வந்து தூங்கவே பயமாக இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். போனால், "கெட்ட கனவு வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முழிச்சிருந்தேன், அசைய முடியல" என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த வித்தியாசம்தான் தேவை.