உம்ராவுக்குப் புறப்படும் பெண்களுக்கு

"அடுத்த மாதம் மாமியாருடன் உம்ராவுக்குப் போகிறேன். ஹஜ்ஜும் உம்ராவும் ஒன்றுதானே? முதல் தடவை போகிறவள் என்னென்ன செய்ய வேண்டும்? மாதவிலக்கு வந்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று சென்னையிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். பிறரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பல பெண்கள் மனத்திலேயே வைத்துக்கொள்ளும் கேள்வி இது. ஆகையால் இந்த வாரம் அதற்கே பதில் சொல்லிவிடலாம்.

ஹஜ்ஜும் உம்ராவும் ஒன்றல்ல. ஹஜ்ஜுக்கு நாள் குறித்தாகிவிட்டது. துல்ஹஜ் மாதம் 8-ஆம் தேதி தொடங்கி 12 அல்லது 13-ஆம் தேதியோடு அது முடிந்துவிடும். 9-ஆம் தேதி மக்காவுக்கு வெளியே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அரஃபாத் வெளியில் தங்காதவருக்கு ஹஜ் இல்லை. மினாவும் முஸ்தலிஃபாவும் ஹஜ்ஜுக்கு உரிய இடங்களே. உம்ராவில் இவை ஒன்றும் கிடையாது. ஹஜ்ஜுடைய சில தினங்கள் தவிர வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். உடல் தெம்புள்ளவர் சில மணி நேரத்திலேயே முடித்துவிடுவார். ஆனால் எத்தனை உம்ரா செய்தாலும், வசதியுள்ளவர் மேல் ஆயுளில் ஒரு முறை விதிக்கப்பட்ட ஹஜ் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

உம்ராவில் வேலை நான்குதான். இஹ்ராம் பூணுவது, கஅபாவைச் சுற்றுவது, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பது, தலைமுடி வெட்டிக்கொள்வது.

முதலாவதான இஹ்ராமை உடை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்களுக்குத் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகள் இருப்பதால் வந்த எண்ணம் இது. உண்மையில் இஹ்ராம் என்பது உம்ரா செய்வதாக மனத்தில் உறுதி கொண்டு, தல்பியா ஓதி, சில கட்டுப்பாடுகளுக்கு உட்படுவது. பெண்களுக்குத் தனி உடை இல்லை. வழக்கமான அடக்கமான உடை எந்த நிறத்தில் இருந்தாலும் போதும். முகத்திரையும் கையுறையும் மட்டும் அணியக் கூடாது. அதன் பிறகு அத்தர் பூசக் கூடாது, நகமோ முடியோ வெட்டக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. வாசனை சோப்பும் அத்தரைச் சேர்ந்ததுதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இஹ்ராமைப் பூணுவதற்கு மக்காவைச் சுற்றி எல்லைகள் உண்டு. மீகாத் என்பார்கள். நம் பக்கத்திலிருந்து ஜித்தாவுக்குப் பறக்கும் விமானம் அந்த எல்லையை ஆகாயத்திலேயே தாண்டிவிடுகிறது. ஆகவே வீட்டிலேயே குளித்துத் தயாராகி, விமானத்தில் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துவிட வேண்டும். 'ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தால், எல்லைக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லாவிட்டால் பரிகாரமாக ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும் என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

மக்கா சேர்ந்து, உளூச் செய்துகொண்டு பள்ளிவாசலுக்குள் போனதும் தவாஃப். நம் ஊரில் வலம் வருவதென்றால் நடுவிலுள்ளது வலக் கைப் பக்கம் இருக்கும். இங்கே கஅபா இடத் தோள் பக்கம் இருக்க வேண்டும். ஹஜருல் அஸ்வத் கல் பதித்த மூலையில் தொடங்கி அதே மூலையில் முடிந்தால் ஒரு சுற்று. அந்த மூலைக்கு நேரே சுவரில் எரியும் பச்சை விளக்கு அடையாளம். இப்படி ஏழு. கூட்டத்தில் இடிபட்டுக் கல்லை முத்தமிட வேண்டியதில்லை; கையால் சைகை காட்டினாலே போதும். கஅபாவை ஒட்டி அரை வட்டமாக ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. அதற்குள் புகுந்து குறுக்கே போனால் அந்தச் சுற்று சேராது. ஏனென்றால் அந்த இடமும் கஅபாவைச் சேர்ந்ததே. ஏழும் முடிந்ததும் இரண்டு ரக்அத் தொழுது, ஜம்ஜம் நீர் அருந்தி ஸஃபாவுக்குப் போகலாம்.

குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி ஹாஜரா அம்மையார் ஓடிய இடம் அது. ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று. திரும்பி வந்தால் இரண்டு. போய் வருவதை ஒன்று என்று எண்ணிப் பதினான்கு முறை நடந்து, கால் வீங்கிப்போகிறவர்கள் உண்டு. கணக்கைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: ஏழாவது நடை மர்வாவில்தான் முடியும். ஸஃபாவில் நின்றுகொண்டு 'முடிந்தது' என்று தோன்றினால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று அர்த்தம். மொத்தம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடை. மாமியாருக்கு முட்டி வலி இருந்தால் சக்கர நாற்காலி அமர்த்திக்கொள்வதில் குற்றமில்லை. பச்சை விளக்குகளுக்கு நடுவே ஆண்கள் விரைந்து ஓடுவார்கள். பெண்கள் நடந்தால் போதும்.

கடைசியாகக் கூந்தல் நுனியில் விரல் நுனியளவு வெட்டிக்கொண்டால் இஹ்ராம் விலகும். அதை மறந்து அறைக்குப் போய் வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிடாதீர்கள்.

இனி அந்தச் சகோதரியின் பயத்துக்கு வருவோம். மாதவிலக்கு இஹ்ராமுக்குத் தடையல்ல. குளித்து, நிய்யத் வைத்து, தல்பியா சொல்லலாம். தவாஃப் மட்டும் கூடாது. சுத்தமாகும் வரை அறையில் காத்திருக்க வேண்டும். இஹ்ராமின் கட்டுப்பாடுகள் அதுவரை நீடிக்கும். தவாஃப் முடிந்த பிறகு விலக்கு வந்தால், மீதியைத் தாராளமாக முடிக்கலாம். கி.பி. 632-இல் நபிகள் நாயகத்துடன் ஹஜ்ஜுக்குச் சென்ற ஆயிஷா அம்மையாருக்கே வழியில் இப்படி நேர்ந்தது. அவர் அழுதபோது, தவாஃப் நீங்கலாக மற்றதையெல்லாம் செய்யும்படி நபிகள் சொன்னார்கள். சுத்தமான பிறகு, சகோதரர் துணையுடன் தன்ஈம் என்ற எல்லைக்குப் போய் இஹ்ராம் பூண்டு வந்து உம்ராவை நிறைவேற்றினார். அவர் பெயரால் இன்றும் அங்கே பள்ளிவாசல் இருக்கிறது.

சங்கடமெல்லாம் திரும்பும் நாளில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். 5-ஆம் தேதி புறப்பாடு, 19-ஆம் தேதி திரும்புதல், 6-ஆம் தேதி வாக்கில் விலக்கு வரும், ஏழு நாள் நீடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரே மக்கா சென்றால் இஹ்ராமிலேயே ஒரு வாரம் அடைபட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் முதலில் மதீனா போகும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், அங்கே இஹ்ராம் கட்டுப்பாடு இல்லை. 13-ஆம் தேதி சுத்தமாகிக் குளித்து, 14-ஆம் தேதி மதீனாவை அடுத்த துல்ஹுலைஃபா எல்லையில் இஹ்ராம் பூண்டு மக்கா போகலாம். இரண்டொரு நாள் பிந்தினாலும் அவகாசம் மிச்சமிருக்கும்.

விலக்கைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரத்தக்கட்டி, ஈரல் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கு அது ஆகாது. சிலருக்கு இடையிலே கசிவு கண்டு குழப்பம் வரும். எனவே புறப்படுவதற்கு வெகு முன்பே டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள். தடை நேர்ந்தால் அங்கேயே விலகிக்கொள்வதாக இஹ்ராமின்போதே நிபந்தனை வைக்க ஷாஃபி மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் அப்படி இல்லை. தாங்கள் எந்த வழியோ, அந்த ஆலிமிடம் இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே பயணத் தேதியைக் குறியுங்கள்.