தென்காசி டு திருவனந்தபுரம்: மேப்பில் 64 கி.மீ., சாலையில் மட்டும் ஏன் 100-ஐத் தாண்டுகிறது?

தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு ஊர்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று திருநெல்வேலி, இன்னொன்று திருவனந்தபுரம். மேப்பில் நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் நெல்லை சுமார் 50 கிலோமீட்டர், திருவனந்தபுரம் சுமார் 64. ‘14 கிலோமீட்டர்தானே கூடுதல்’ என்று தோன்றும். ஆனால் சாலையில் நெல்லை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திருவனந்தபுரமோ 105 முதல் 110 வரை. ஆம்புலன்ஸ் பிடிக்கும் நேரத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

சாலைத் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் சுற்று விகிதம். நெல்லைக்கு அது 1.1. திருவனந்தபுரத்துக்கு கிட்டத்தட்ட 1.7. ஒரே ஊரிலிருந்து கிளம்பினாலும் விகிதம் இவ்வளவு மாறுவது ஏன்?

முதலில் நேர்க்கோட்டுத் தூரத்தை நாமே கணக்குப் போடலாம். நம்ம பகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலுமே ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தென்காசி 8.96, 77.32. திருவனந்தபுரம் 8.52, 76.94. வடக்கு-தெற்காக 0.44 டிகிரி, அதாவது 48 கிலோமீட்டர். கிழக்கு-மேற்காக 0.38 டிகிரி, 42 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டால் 64 வந்துவிடும்.

கோடு போகும் வழியில் மலை

அந்தக் கோடு குற்றால மலை மேலே ஏறி, பொன்முடிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. அங்கே வண்டி போகிற பாதை கிடையாது. அதனால் செங்கோட்டை வழியாக மேற்கே போய், ஆரியங்காவு கணவாயைக் கடந்து, தென்மலையில் தெற்கே திரும்பி, குளத்தூப்புழா, பாலோடு, நெடுமங்காடு வழியாகத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட ‘ட’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி.

இப்போது தென்மலையில் ஒரு புள்ளி வைத்து, கோட்டை இரண்டாக உடைத்துப் பாருங்கள். தென்காசியிலிருந்து தென்மலை நேர்க்கோட்டில் 28 கிலோமீட்டர். அங்கிருந்து திருவனந்தபுரம் 50. மொத்தம் 78. அதாவது, கணவாயைத் தேடிப் போவதால் மட்டுமே 64 என்பது 78 ஆகிவிட்டது. மீதி 30 கிலோமீட்டர் வருவது வளைவுகளால். மலையில் சாலை நேராக ஏறினால் லாரி ஏறாது. சரிவைக் குறைக்கத்தான் வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். 78-ஐ 1.4 மடங்கு ஆக்கினால் 109. நிஜத் தூரத்தோடு ஒத்துப்போகிறது.

இந்த 1.4 தற்செயலா என்று சந்தேகம் வரலாம். செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையைப் பாருங்க. நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டர், தண்டவாளம் சுமார் 49. அதுவும் 1.4தான்.

ஆனால் சுற்று என்றாலே மலைதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. நெல்லை - தென்காசி ரயில் பாதை முழுக்கச் சமவெளிதான். ஆனாலும் 72 கிலோமீட்டர். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களைத் தொட்டுக்கொண்டு போவதால் வந்த நீளம் அது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகப் போகும் சாலைக்கு அந்தச் சுற்று இல்லை.

உங்கள் ஊருக்கு எப்படிக் கணக்கிடுவது?

வழக்கமாகப் போய்வரும் ஏழெட்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாலைத் தூரத்தையும் கூட்டி, எல்லா நேர்க்கோட்டுத் தூரத்தின் கூட்டுத்தொகையால் வகுத்துவிடுங்கள். ஒரு முக்கியமான நிபந்தனை: சமவெளி ஊர்களையும் மலை தாண்டிய ஊர்களையும் ஒன்றாகப் போடக் கூடாது. நெல்லையையும் திருவனந்தபுரத்தையும் சேர்த்தால் 1.4 அல்லது 1.45 என்று ஒரு சராசரி வரும். அதை வைத்தால் நெல்லைக்கு 70 கிலோமீட்டர் என்றும், திருவனந்தபுரத்துக்கு 90 என்றும் காட்டும். இரண்டுமே தப்பு.

மலை, ஆறு, ரயில்வே லைன் ஏதாவது குறுக்கே இருந்தால், கடக்கும் இடத்தில் முதலில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி வழியாக நேர்க்கோடுகளைக் கூட்டி, பிறகு பெருக்குங்கள். ஊருக்குள் சின்னத் தூரங்களுக்கு விகிதத்தை நம்பவே வேண்டாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 200 மீட்டரில் தெரியும் வீட்டுக்கு, கேட் சுற்றி ஒரு கிலோமீட்டர் போக வேண்டி வரலாம்; விகிதம் 5!

இன்னொன்று, இந்த விகிதம் நிலையானதும் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து ஆரியங்காவு பாதை அடைபட்டால், நாகர்கோவில் வழியாகத்தான் திருவனந்தபுரம் போக வேண்டும். அப்போது தூரம் 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதே 64 கிலோமீட்டர் கோட்டுக்கு அன்றைக்கு விகிதம் இரண்டுக்கும் மேல்.