தோழி தாயாகும்போது...

தோழி கர்ப்பமாக இருக்கிறாள். கேட்ட பெண்ணுக்குக் குழந்தை இல்லை. அவளுக்குச் சந்தோஷமும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. இதைப் பொறாமை என்பது தவறு. தோழிக்குப் பிள்ளை வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் ஏங்குகிறாள்.

ஓர் உதாரணம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவள் பெரம்பலூரில் இருக்கிறாள். சிநேகிதி, சிமெண்ட் ஆலைத் தொழிலாளியின் மனைவி, அரியலூரில் இருக்கிறாள். "எனக்கு மூணு மாசம்டி" என்று அரியலூரிலிருந்து டெலிபோன் வருகிறது. பெரம்பலூர்க்காரி என்ன சொல்வது?

பேசாமல் இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. "பார்த்தாயா, கண் வைக்கிறாள்" என்று சொல்ல நாலு பேர் காத்திருப்பார்கள். சிரித்துச் சிரித்து நடிப்பதும் நிலைக்காது; அடுத்த மாதமே ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்க நேரும். வாழ்த்து முதலில் வரட்டும், வருத்தம் பிறகு வரட்டும்:

"ரொம்பச் சந்தோஷம்டி. நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும். எனக்கு அழுகையும் வருது. அது உன்மேலே கோபம் இல்லே. ரெண்டு நாள் கழிச்சு நானே கூப்பிடறேன்."

இவ்வளவு போதும். ஆனால் சொன்னபடி மூன்றாம் நாள் கூப்பிட்டுவிட வேண்டும்.

அடுத்த சோதனை வளைகாப்பு. ஏழாம் மாதமோ, ஒன்பதாம் மாதமோ வரும். கர்ப்பிணிக்கு வளையல் போட்டபின், குழந்தை இல்லாதவளையும் மணையில் உட்காரவைத்து வளையல் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல எண்ணம்தான். சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கோ, ஊரே தன்னைப் பார்ப்பதுபோல் உடம்பு கூசும். எனவே, "உன்னை உட்காரவைக்கட்டுமா, வேண்டாமா?" என்று முன்னாலேயே தனியாகக் கேட்பது அரியலூர்க்காரியின் பொறுப்பு. கூட்டத்தில் கையைப் பிடித்து இழுத்தால் எப்படி மறுப்பாள்? வர முடியாதவள், முதல் நாளே வளையலும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

"உனக்கும் சீக்கிரம் ஆகும்" என்ற ஆறுதலை விட்டுவிடலாம். யாரால் உறுதி சொல்ல முடியும்? உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் குறை நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. குறை ஆணிடமும் இருக்கலாம். மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கணவன் விந்துப் பரிசோதனைக்குப் போகாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்ணிடம் போய், "எந்தக் கோயிலுக்குப் போனே?" என்று கேட்பது கொடுமை.

நலங்கு வைக்கும் நேரத்தில், "பிள்ளை இல்லாதவள் சந்தனம் தொடக் கூடாது" என்று எந்தக் கிழவியாவது முணுமுணுத்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் விருந்தாளி அல்ல. மணையில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிதான். "எனக்கு முதலில் சந்தனம் பூச வேண்டியவளே அவள்தான், பாட்டி!"